கடதாசி விசிறி ஏன் 180 பாகைக்கு விரியமாட்டேன் என்கிறது? (தரம் 7 கோணங்கள்)

கணக்குக்காரி | ஜூன் 9, இரவு 8.40

நேரே விஷயத்துக்கு வருகிறேன். இன்று தரம் 7க்குக் கோணம் தொடங்கினேன். 34 பிள்ளைகள். கொப்பியைத் திறக்க விடாமல் மூன்று கூட்டமாகப் பிரித்தேன். ஒரு கூட்டம் கைகளால் கோணம் காட்டியது, ஒன்று வகுப்புக் கதவடியில் நின்றது, மற்றது கடதாசி விசிறி செய்தது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற்றினேன்.

கையும் கதவும் ஒருமாதிரி ஓடின. விசிறிதான் கவிழ்த்துவிட்டது. A4 தாளை நீளப்பக்கமாக ஒரு அங்குல மடிப்புகளாக மடித்து, அடியை நூலால் கட்டச் சொன்னேன். மூடிய விசிறியை மெல்ல விரித்தால் கூர்ங்கோணம், செங்கோணம், விரிகோணம், கடைசியில் நேர்கோணம் என்று வரிசையாக வரும் என்பது என் கனவு. ஒரு விசிறி கூடச் செங்கோணத்தைத் தொடவில்லை. எல்லாம் 75க்குக் கிட்ட வந்து நின்றுவிட்டன. ஒரு பெடியன் பலமாக இழுத்து நடுவால் கிழித்து, "ரீச்சர், இப்ப விரிகோணம்" என்றான்.

நான் மடித்தது பிழையா? இதைச் செய்து பார்த்தவர்கள் யாரும் உண்டா?

வெண்கட்டித்தூள் | ஜூன் 9, இரவு 9.15

மடிப்பு பெரிது, பிள்ளை. ஒரு அங்குலம் என்றால் பன்னிரண்டு மடிப்புத்தான் வரும். அரை அங்குலமாக மடித்தால் மடிப்பு இரட்டிப்பாகும், விசிறியும் அந்தளவுக்குக் கூட விரியும். முப்பத்தொரு வருடம் படிப்பித்தவன் சொல்கிறேன். அதோடு, பாகைமானியைக் கையில் கொடுக்காமல் கோணம் தொடங்குவதே எனக்குச் சம்மதமில்லை. அது வேறு கதை.

ஒழுங்கைக்காரன் | ஜூன் 9, இரவு 9.22

இந்த வெக்கைக்கு 75 பாகை போதும் ரீச்சர். காற்று வந்தால் சரி.

கணக்குக்காரி | ஜூன் 9, இரவு 10.50

ஐயா சொன்னதை உடனே செய்து பார்த்தேன். ஒரே அளவு தாள் இரண்டு. ஒன்றில் 12 மடிப்பு, மற்றதில் 1 சென்ரிமீற்றர் வீதம் 29 மடிப்பு. அடியை ஒரே மாதிரிக் கட்டி, மேசையில் வைத்து, கிழியாத அளவுக்கு இழுத்துப் பாகைமானியால் அளந்தேன். முதலாவது 74, இரண்டாவது 76. என் கை நடுக்கத்துக்கே இரண்டு பாகை போய்விடும். ஆகவே மடிப்பின் எண்ணிக்கை இல்லை.

மகன் பார்த்துவிட்டு, இரண்டையும் ஒட்டினால் 150 வருமே என்றான். ஒட்டினேன், வந்தது. அப்போதும் நேர்கோணம் இல்லை. படுக்கப் போகிறேன்.

பிணைச்சல் | ஜூன் 10, காலை 6.05

வணக்கம் ரீச்சர். நான் தச்சு வேலைக்காரன், கோண்டாவில். வளைவு வைத்த யன்னலுக்குச் சட்டம் வெட்டும்போது இதே கணக்கில்தான் நிற்போம்.

விசிறியின் மேல் விளிம்பைப் பாருங்கோ. விரித்தால் அது ஒரு வில். அந்த வில்லுக்கு உங்களிடம் இருப்பது தாளின் நீளம் மட்டும்தான், 29.7 செ.மீ. மடிப்பை முழுக்கத் தட்டையாக்கினாலும் அதைவிட ஒரு நூல் கூடாது. விசிறியின் உயரம் 21. அந்த உயரத்தை ஆரையாக வைத்து முழு வட்டம் போட்டால் சுற்றளவு கிட்டத்தட்ட 132 செ.மீ. அதில் 29.7 எத்தனை பங்கோ, 360இலும் அத்தனை பங்குதான் விரியும். 81 பாகை வரும். மடிப்பு ஒருநாளும் முழுக்கத் தட்டையாகாது, அதில் ஐந்தாறு போகும். உங்கள் 75 அங்கேதான் இருக்கிறது.

தாளை மற்றப் பக்கமாக, அதாவது உயரம் 29.7 வரும்படி மடித்திருந்தால் இன்னும் மோசம். 40 பாகையோடு நின்றிருக்கும். 21 உயரத்தில் நேர்கோணம் வேண்டுமென்றால் 66 செ.மீ. நீளம் தேவை. இரண்டு தாள் ஒட்டினாலும் 59 சொச்சம்தான்.

ஆகவே நீளத்தைக் கூட்டாதேங்கோ, உயரத்தைக் குறையுங்கோ. A4இல் 8 செ.மீ. உயரமாக இரண்டு பட்டி நீளப்பக்கமாக வெட்டலாம், 5 செ.மீ. மிஞ்சும். 8 உயரத்துக்கு அரைவட்டம் வர 25 செ.மீ. போதும், உங்களிடம் 29.7 இருக்கிறது. மிச்சம் மடிப்பு எழும்பி நிற்க உதவும். இரண்டு பட்டியையும் ஒட்டினால் முழு வட்டமே சுற்றும்.

கணக்குக்காரி | ஜூன் 10, காலை 6.30

அண்ணை, எனக்கு இப்போது வெட்கமாக இருக்கிறது. வட்டத்தின் பரிதியைப் படிப்பிக்கிறவள் நான்.

வெண்கட்டித்தூள் | ஜூன் 10, காலை 9.40

கணக்குச் சரி, நான் சொன்னது பிழை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். "உயரம் குறைந்த விசிறி கூட விரியும்" என்று பிள்ளை கண்ணால் கண்டுவிட்டால், கோணத்துக்கும் நீளத்துக்கும் தொடர்பு உண்டு என்றுதானே நினைப்பான்? இவ்வளவு காலமும் "புயத்தின் நீளம் கோணத்தை மாற்றாது" என்று தொண்டை கிழியக் கத்தினோம். உங்கள் விசிறி அதைத் தலைகீழாக்கப் போகிறது.

கணக்குக்காரி | ஜூன் 10, இரவு 9.00

ஐயாவின் கேள்வி நாள் முழுக்க மண்டையில் ஓடியது. நியாயமான பயம். எவ்வளவு தூரம் விரிய முடியும் என்பது ஒன்று, இப்போது எவ்வளவு விரிந்திருக்கிறது என்பது இன்னொன்று. பெரியவர்களுக்கே இரண்டும் குழம்பும். அதனால் பெரிய விசிறி, சின்ன விசிறி என்று இரண்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதை விட்டேன். எல்லாருக்கும் ஒரே 8 செ.மீ. பட்டி. முதலில் மூடி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விரித்து, நான் சொல்லும் இடத்தில் நிறுத்த வேண்டும். நேர்கோணத்துக்கு எல்லாருடையதும் விரிந்தது. சத்தம் பக்கத்து வகுப்புக்குப் போய், அங்கிருந்து ஆள் வந்தது.

அப்புறம் கத்தரிக்கோல். இது இன்று காலை பஸ்ஸில் வரும்போது தோன்றியது. ஒரு விசிறியைச் செங்கோணத்துக்கு விரித்து, இரண்டு ஓர மடிப்புகளையும் மட்டையில் பசையால் ஒட்டினேன். எல்லாரும் பார்க்க மேல்பாதியை வளைவாக வெட்டினேன், 8 செ.மீ. விசிறி 4 ஆகிவிட்டது. "கோணம் இப்போது எப்படி?" கை தூக்கச் சொன்னேன். குறைந்துவிட்டது என்று 19 பேர். தங்கள் கண் முன்னால் வெட்டியதையே பார்த்துக்கொண்டு!

ஒரு தாளை இரண்டு தரம் மடித்துச் செய்த செங்கோண மூலை ஒவ்வொருவரிடமும் இருந்தது. முன்வாங்கில் இருக்கும் ஒரு பிள்ளை, அதிகம் பேசாதவள், எழும்பி வந்து அந்த மூலையை வெட்டிய விசிறிக்குள் வைத்துப் பார்த்தாள். சரியாக இருந்தது. எடுத்துத் திருப்பி வைத்தாள். பிறகு கீழே விழுந்திருந்த வெட்டுத்துண்டை எடுத்து, பழைய இடத்தில் பொருத்தி, மூலையை மறுபடி வைத்தாள். ஒன்றும் சொல்லாமல் போய் இருந்துவிட்டாள். அதற்குப் பிறகு வாங்குக்கு வாங்கு எல்லாரும் தங்கள் விசிறியையும் வெட்டத் தொடங்கிவிட்டார்கள். வகுப்பு முழுக்கக் கடதாசிக் குப்பை. சோளகம் வேறு.

சின்னவளின் அம்மா | ஜூன் 11, காலை 10.20

எல்லாருக்கும் வணக்கம். என் மகள் தரம் 6. 40 பாகைக் கோணத்தை அளந்து 140 என்று எழுதுகிறாள். இரண்டு தரம் பிழை விட்டாள். இப்படி விசிறி, கதவு என்று விளையாட்டுக் காட்டுவதால்தான் பாகைமானி பிடிக்கத் தெரியவில்லையோ? அவளின் ரீச்சரும் இப்படித்தான் ஏதோ செய்கிறாவாம். எந்தக் கடையில் நல்ல பாகைமானி வாங்கலாம்?

வெண்கட்டித்தூள் | ஜூன் 11, காலை 10.31

பாருங்கோ, நான் சொன்னேனே.

கணக்குக்காரி | ஜூன் 11, மாலை 4.10

அக்கா, பாகைமானியில் பிழையில்லை. அதில் இரண்டு வரிசை எண் இருக்கிறது, ஒன்று இடமிருந்து, ஒன்று வலமிருந்து. 40 இருக்கும் கோட்டிலேயே 140உம் இருக்கும். மகள் கோட்டைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறாள், வரிசையைத்தான் மாற்றிப் படித்திருக்கிறாள். அளக்க முன்னர் முழங்கையை மடித்து அந்தக் கோணத்தைக் காட்டச் சொல்லுங்கோ. மேற்கையும் முன்கையும் இரண்டு புயம், முழங்கை உச்சி. செங்கோணத்துக்கு உள்ளே மடங்கியிருந்தால் விடை 90க்குக் குறைவு. அதற்குப் பிறகு 140 எழுத அவளுக்கே கை வராது.

ஒன்று, முழங்கையால் எல்லாக் கோணமும் வராது. முழுக்க நீட்டினால் நேர்கோணம். முழுக்க மடக்கினாலும் சதை முட்டி 35, 40 பாகையளவில் நின்றுவிடும். "பூச்சியம் காட்டு" என்று சொல்லிவிடாதீர்கள், நான் சொல்லி ஒரு பிள்ளை தோளைக் குத்திக்கொண்டாள்.

கணக்குக்காரி | ஜூன் 11, இரவு 8.55

கைக் கூட்டத்தைப் பற்றி எழுத மறந்துவிட்டேன்.

கோணத்தின் பக்கங்களை நாங்கள் புயம் என்கிறோம். புயம் என்றால் கை. எனக்கு அது வசதியாக இருந்தது, "உன் கையே புயம்" என்று தொடங்கினேன். ஆனால் அந்தச் சொல்லே பொறி. வகுப்பில் உயரமானவனையும் கட்டையானவனையும் முன்னால் நிறுத்தி, பக்கவாட்டாகத் திரும்பி, ஒரு கையை நேரே முன்னுக்கு நீட்டி மற்றதை மேலே உயர்த்தச் சொன்னேன். இருவரும் செங்கோணம். யாருடைய கோணம் பெரிது? "அவன்ர, அவனுக்கு நீளமான புயம்." சொல்லைக் கொடுத்ததே நான், யாரைக் குற்றம் சொல்ல?

அடுத்தது 45 பாகை. உயர்த்திய கையை அரைவாசிக்கு இறக்கச் சொன்னேன். நடு வாங்குப் பிள்ளைகள் சரி என்றார்கள். சுவரோரம் இருந்தவர்கள் இல்லை, கை கூட உயர்ந்து நிற்கிறது என்றார்கள். வாக்குவாதம். நான் நடுவில் நின்றபடி சுவரோரத்தாருக்குப் பிழை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

பிழை என்னுடையது. இடைவேளையில் நானே சுவரோரம் போய் இருந்து பார்த்தேன். அங்கிருந்து பார்த்தால் முன்னுக்கு நீட்டிய கை குறுகித் தெரிகிறது, உயரம் குறுகவில்லை. அதனால் 45 பாகை நிமிர்ந்து கிட்டத்தட்ட 60 போலத் தெரியும். செங்கோணம் மட்டும் எங்கிருந்து பார்த்தாலும் செங்கோணமாகவே இருந்தது, ஒரு கை கிடை, மற்றது நிலைக்குத்து என்பதால். முதல் சுற்றில் சண்டை வராததற்குக் காரணம் அதுதான்.

இன்று அந்த இருவரையும் மீண்டும் நிறுத்தி, முழு வகுப்பையும் எழுப்பி அவர்களைச் சுற்றி நடக்க விட்டேன். நடக்க நடக்க 45 நிமிர்ந்து, ஒரு இடத்தில் இரண்டு கையும் ஒன்றின் மேல் ஒன்றாகவே தெரிந்தன. எங்கே நின்று பார்த்தால் உண்மை தெரியும் என்று அவர்களே வெண்கட்டியால் நிலத்தில் ஒரு கோடு போட்டார்கள். சுவரோரத்தாரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

ஒழுங்கைக்காரன் | ஜூன் 11, இரவு 9.03

கை நீட்டி நின்ற இரண்டு பேரும் எவ்வளவு நேரம் நின்றார்கள்? எங்கள் காலத்தில் அதற்குத் தண்டனை என்று பெயர்.

கணக்குக்காரி | ஜூன் 11, இரவு 9.06

நாலு நிமிடம். மாற்றி மாற்றி நின்றார்கள் தம்பி.

பிணைச்சல் | ஜூன் 12, காலை 5.50

கதவைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே ரீச்சர். அதுக்காகத்தான் நான் காத்திருக்கிறேன்.

கணக்குக்காரி | ஜூன் 12, இரவு 9.30

கதவில் நடந்தது எனக்கே இன்னும் முழுக்க விளங்கவில்லை. கேளுங்கள்.

எங்கள் வகுப்புக்குப் பழைய இரட்டைக் கதவு. ஒவ்வொரு சிறகும் 60 செ.மீ. வெளியே விறாந்தைப் பக்கம் திறந்து, சுவரோடு முழுக்கச் சாயும். அதாவது ஒரு சிறகே 180 பாகை திரும்பும். முதலில் இரண்டு பிள்ளைகளைப் பிடிக்க விட்டேன். ஒருத்தி பிணைச்சலிலிருந்து 15 செ.மீ. தள்ளி, மற்றவன் ஓரத்தில். மூடியிருந்த கதவைச் செங்கோணத்துக்குத் திறந்தார்கள். ஓரத்தில் பிடித்தவன் 94 செ.மீ. நடந்தான், உள்ளே பிடித்தவள் 24 கூட இல்லை. யார் கூடத் திரும்பியது? "அவன்." ஒரே பலகையைத்தானே இருவரும் பிடித்திருக்கிறீர்கள் என்றேன். அமைதி. அந்த அமைதி நல்ல அமைதி.

பிரச்சினை அதற்குப் பிறகு. பாகைமானி இல்லாமல் நிலத்தில் 60, 120 குறிக்க நினைத்தேன். 60 செ.மீ. நூலைப் பிணைச்சலடியில் பிடித்து, கதவின் ஓரம் போகும் பாதையை அரைவட்டமாக வெண்கட்டியால் போட்டோம். பிறகு அதே நூலை அந்த வளைவின் மேல் வைத்து வைத்து மூன்று தரம் அளந்து குறித்தோம். மூன்றாவது குறி சரியாகச் சுவரில் முடிய வேண்டும். முடியவில்லை. நாலு விரற்கடை குறைந்தது. பிணைச்சலில் கறள், கதவு தொய்ந்துவிட்டது என்று பிள்ளைகளிடம் சமாளித்தேன்.

இரண்டாவது சிக்கல். கதவை மூடி, வகுப்புப் பக்கத்து அடிவிளிம்போடு ஒரு கோடு போட்டார்கள். முழுக்கத் திறந்து அதே விளிம்போடு இன்னொரு கோடு. இரண்டும் ஒரே நேர்கோட்டில் வரவில்லை, 7 செ.மீ. இடைவெளியில் சமாந்தரமாகக் கிடந்தன. ஒருவன், "ரீச்சர், சமாந்தரக் கோட்டுக்குக் கோணமே இல்லையே, அப்ப கதவு திரும்பவே இல்லையா?" என்று கேட்டான். மணி அடித்துக் காப்பாற்றியது.

பிணைச்சல் | ஜூன் 13, காலை 6.10

முதலாவதுக்குக் கதவைத் திட்டாதேங்கோ. நூலை வளைவோடு வளைத்து வைத்தீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் பிழை. வளைத்து வைத்தால் ஒரு நூலுக்கு 57 பாகைதான் வரும், மூன்று தரம் 172. மிச்சம் எட்டுப் பாகை. 60 செ.மீ. கதவுக்கு அது எட்டரை செ.மீ., உங்கள் நாலு விரற்கடை. நூலை வளைவின் ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்கு இழுத்து நேரே பிடிக்க வேண்டும், கவராயத்தை விரித்து வைக்கிற மாதிரி. அப்போதுதான் பிணைச்சலும் இரண்டு குறியும் சமபக்க முக்கோணமாகி 60 வரும். மூன்று தரத்தில் சுவரில் போய் முட்டும்.

இரண்டாவது கேட்ட பெடியனை எனக்குத் தாருங்கோ, தொழில் பழக்குகிறேன். கதவு சுழல்வது பலகையின் மூலையில் இல்லை, பிணைச்சலின் ஊசியில். விறாந்தைப் பக்கம் திறக்கிற கதவில் ஊசி விறாந்தைப் பக்கம் தள்ளி நிற்கும். அவர்கள் கோடு போட்டது வகுப்புப் பக்கத்து விளிம்பில். அது ஊசியிலிருந்து மூன்றரை செ.மீ. தள்ளி. மூடும்போது ஒரு பக்கம் மூன்றரை, முழுக்கத் திறக்கும்போது மற்றப் பக்கம் மூன்றரை, மொத்தம் ஏழு. கதவு 180 திரும்பியது உண்மை, கோடு சமாந்தரமானதும் உண்மை. ஊசியடியால் போகும் விளிம்போடு கீறினால் இரண்டும் ஒரே கோடாகும்.

வெண்கட்டித்தூள் | ஜூன் 13, காலை 8.45

இது நல்ல இடம். கோட்டை மட்டும் பார்த்தால் 0 பாகையும் 180 பாகையும் ஒன்றுபோலத்தான். எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதற்கு அம்புக்குறி போட வேண்டும், பிள்ளை. இதற்காவது நான் பிரயோசனப்படுகிறேன்.

கணக்குக்காரி | ஜூன் 13, இரவு 8.20

ஐயா, நீங்கள் சொன்ன அம்புதான் காப்பாற்றியது. மூடிய கதவில் பிணைச்சலிலிருந்து ஓரத்தை நோக்கி ஒரு அம்பு, திறந்த கதவிலும் ஒன்று. இரண்டும் எதிர் எதிர்த் திசை. கேள்வி கேட்டவன் திருப்தியில்லாத முகத்தோடு தலையாட்டினான். பரவாயில்லை.

நூலை இழுத்துப் பிடித்து மீண்டும் குறித்தோம். சுவரில் முட்டியது. முன்னைய பிழையான குறிகளை அழிக்கவில்லை, பக்கத்தில் விட்டேன். கறள் கதையும் பொய் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது யோசித்தால், விசிறியிலும் கதவிலும் நான் தடக்கியது ஒரே கல்லில். விசிறியில் உயரம் 21, விளிம்பு 29.7. கதவில் அகலம் 60, வளைத்த நூலும் 60. விளிம்பு எவ்வளவு நீளம் என்பதை மட்டும் பார்த்து ஏமாந்தேன். நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருந்தது. ஐயாவின் பழைய பயத்துக்கு இதுதான் விடை என்று நினைக்கிறேன், ஆனால் தரம் 7க்கு இதை வாய்விட்டுச் சொல்லப்போவதில்லை.

கவனத்துக்கு ஒன்று. பிணைச்சல் பக்கம் நிற்கும் பிள்ளையின் விரல் கதவுக்கும் நிலைக்கும் இடையில் போகும். சோளகம் ஒரு தரம் கதவை அடித்தது, விரல் தப்பியது அருந்தப்பு. இப்போது கதவடியில் செங்கல் வைக்காமல் யாரும் நிலத்தில் கீறுவதில்லை. 15 செ.மீ. என்று தள்ளிப் பிடிக்க விட்டதும் அதனால்தான்.

சின்னவளின் அம்மா | ஜூன் 14, மாலை 6.00

முழங்கை வேலை செய்கிறது. ஆனால் பரீட்சையில் கையை மடக்கினால் பார்த்தெழுதுகிறாள் என்று நினைக்க மாட்டார்களா?

ஒழுங்கைக்காரன் | ஜூன் 14, மாலை 6.12

ரீச்சரிடம் ஒரு கேள்வி, பகிடி இல்லை. பனை ஓலை என் உயரத்தில் பாதிக்கு மேல் இருக்கிறது. தச்சு அண்ணையின் கணக்குப்படி உயரமான விசிறி விரியக்கூடாதே. வடலி ஓலை வட்டமாகவே விரிந்து நிற்கிறது, எப்படி?

பிணைச்சல் | ஜூன் 14, இரவு 7.30

அடியிலும் நுனியிலும் ஒரே அகலமாக மடிப்பது கடதாசியில்தான். ஓலையில் ஒவ்வொரு மடிப்பும் காம்படியில் ஒடுங்கி, வெளியே போகப் போக அகலும். விளிம்புக்குத் தேவையான நீளத்தை மரம் அதற்குள்ளேயே வைத்திருக்கிறது. குருத்தாக இருக்கும்போது மூடிய விசிறி மாதிரியே இறுகி நிற்கும், முற்ற முற்ற விரியும். வடலி ஓலை ஒன்றை வகுப்புக்குக் கொண்டுபோங்கோ ரீச்சர். கருக்கில் கை வெட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கோ.

கணக்குக்காரி | ஜூன் 18, இரவு 9.10

இரண்டு மூன்று நாள் வரமுடியவில்லை, தவணைப் பரீட்சைத் தாள் தயாரிப்பு.

நேற்று ஒரு சின்னச் சோதனை வைத்தேன். ஒரே ஒரு கேள்வி. இரண்டு கோணங்கள் கீறியிருந்தேன், ஒன்று 70 பாகை, புயங்கள் 3 செ.மீ. மற்றது 50 பாகை, புயங்கள் 9 செ.மீ. எது பெரிது? 26 பேர் சரி. எட்டுப் பேர் நீளமானதையே காட்டினார்கள்.

அந்த எட்டில் ஒருத்தி, கத்தரிக்கோல் அன்று மூலையை வைத்து வைத்துப் பார்த்தவள். எனக்கு ஏமாற்றம், மறைக்கவில்லை. கூப்பிட்டு, வெட்டிய விசிறி ஞாபகமா என்று கேட்டேன். ஞாபகம் என்றாள். கதவில் யார் கூடத் திரும்பியது? "ரெண்டு பேரும் ஒண்டுதான்." அப்போ இது? தாளைப் பார்த்தாள். "விசிறி எண்டா விளங்குது ரீச்சர். இது வெறும் கோடு. கோடு நீளமாத்தானே இருக்கு."

வெண்கட்டித்தூள் | ஜூன் 18, இரவு 9.25

இதனால்தான் பாகைமானியை முதலிலேயே கொடு என்கிறேன். அளந்திருந்தால் 70, 50 என்று எழுதியிருப்பாள், கதை முடிந்தது.

கணக்குக்காரி | ஜூன் 18, இரவு 9.40

எழுதியிருப்பாள் ஐயா. ஆனால் எதைப் பார்த்து எழுதினாள் என்று எனக்குத் தெரிந்திருக்காது. இதில் நானும் நீங்களும் ஒத்துப்போகப் போவதில்லை, விடுங்கோ.

பிணைச்சல் | ஜூன் 19, காலை 5.45

பிள்ளை சொன்னது சரிதானே. தாளில் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போய்விட்டீர்கள். மூடியிருந்தது எந்தப் பக்கம், திறந்தது எவ்வளவு என்று கோட்டில் எதுவும் இல்லை. அந்த இரண்டு கோணத்திலும் பிணைச்சல் எங்கே என்று அவளையே ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கோ. பிறகு பென்சிலை ஒரு புயத்தின் மேல் படுக்கவைத்து, நுனியைப் புள்ளியில் பிடித்தபடி மற்றப் புயம் வரை திருப்பட்டும். அதே பென்சிலால் இரண்டு கோணத்தையும்.

கணக்குக்காரி | ஜூன் 19, காலை 6.20

ஒரே பென்சில். சரி. இன்றைக்கே மூன்றாம் பாடவேளை இருக்கிறது. எட்டுப் பேரையும் விறாந்தைக்குக் கூப்பிடுகிறேன், பிழையான குறிகள் அங்கே இன்னும் அழியாமல் கிடக்கின்றன. பிணைச்சலுக்கு எண்ணெய் விடவேண்டும், தேங்காய் எண்ணெய் காணுமா அண்ணை?

பிணைச்சல் | ஜூன் 19, காலை 6.24

வேண்டாம், பிசினாகி இறுகும். தையல் மெசின் எண்ணெய் விடுங்கோ. மூன்று சொட்டு.